நடை முடிந்து பொத்தென்று விழும் நாய்: கேள்வி-பதில்

மாலை நடை முடிந்து வந்ததும் எங்கள் நாட்டு நாய் என் காலடியில் பொத்தென்று விழுந்து பெருமூச்சு விடுகிறது. என் மேல் சலிப்பா டாக்டர்? (முத்தியால்பேட்டை)

சலிப்பெல்லாம் இல்லை. தெருவில் மோப்பம், ஹாரன், எதிர் நாய் என்று விறைப்பாகவே நடந்திருக்கும். வீட்டுக்குள் வந்ததும் அந்த விறைப்பு இறங்குகிறது. சாதாரண மூச்சில் நுரையீரலின் சிறு காற்றுப் பைகள் சில சுருங்கிவிடும், ஒரு ஆழ்ந்த மூச்சு அவற்றை மறுபடி விரிக்கும். வாய் மூடி, கண் பாதி சொருகி, மூக்கு வழியாக ஒரே ஒரு நீண்ட மூச்சு என்றால் நிம்மதி. பாதத்தை ஒட்டிப் படுப்பது ஏன் என்கிறீர்களா? நீங்கள் எழுந்தால் அதற்குத் தெரிய வேண்டுமே.

பந்தோடு ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு பெருமூச்சு விட்டுப் படுக்கிறது. (மஞ்சக்குப்பம், கடலூர்)

கண்ணைப் பாருங்கள். முழுதாகத் திறந்து உங்களையே பார்த்தால், 'இந்த ஆள் வரமாட்டார்' என்று கைவிட்டுவிட்டது.

என் நாய் பெருமூச்சு விடுகிறது. என்ன மருந்து?

வயது, இனம், எடை எதுவும் எழுதவில்லை. ஊர்கூட இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்க? நன்றாகத் தூங்கும்போது முப்பது விநாடி மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பல நாள் எண்ணியும் முப்பதைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் லாப்ரடாரைக் கடற்கரைச் சாலையில் நடத்தி வந்தேன். வாசலிலேயே விழுந்து, நாக்கைத் தொங்கப்போட்டு, கூப்பிட்டாலும் திரும்பாமல் 'நிம்மதியாக' கிடந்தது. அரை மணியில் தெளிந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். (லாஸ்பேட்டை)

இது நிம்மதி இல்லை ஐயா, வெப்பத் தாக்குதலின் வாசல். எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை இறக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சரியாக வேலை செய்யாது. போன மே மாதம் இதே மாதிரி ஒரு லாப்ரடாரைத் தூக்கி வந்தார்கள். ஈறு செங்கல் நிறம், எச்சில் பசை மாதிரி, உடம்புச் சூடு 106 டிகிரி. குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கெல்லாம் ஊற்றி, மேலே மின்விசிறி வைத்தோம். 103 வந்ததும் நிறுத்தினோம், அதற்கு மேலும் ஊற்றினால் சூடு ரொம்ப இறங்கிவிடும். பிழைத்தது. வீட்டிலேயே தண்ணீர் ஊற்றியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அவர்கள் ஐஸ் தேடிக்கொண்டிருந்தார்கள்!

பெருமூச்சு ஒன்று, அப்புறம் மூச்சு அமைதியாகும். இரைப்பு பத்து நிமிடத்தில் குறையாவிட்டாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ தண்ணீர் ஊற்றியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். புறங்கையைத் தாரில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நடை வேண்டாம். காலை ஆறு மணி, இல்லையென்றால் இருட்டிய பிறகு.

பன்னிரண்டு வயது நாய், படுக்கும்போது முனகிக்கொண்டே பெருமூச்சு விடுகிறது. (வில்லியனூர்)

பொத்தென்று விழாமல், பின்னங்காலை மெல்ல மடக்கி இறங்கினால் மூட்டு வலியாக இருக்கலாம். கூட்டி வந்து காட்டுங்கள். வீட்டிலிருக்கும் மனுஷ வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இதையும் நூறாவது தடவையாகச் சொல்கிறேன்.