மகசூல் குறியீடா, வானிலைக் குறியீடா: நான்கு கயிற்றுச் சதுரங்களும் ஒரு மழைமானியும்

கேள்வி: ஊரக நிதி பாடத்தில் பயிர்க் காப்பீட்டு வடிவமைப்புகளை ஒப்பிட்டு எழுத வேண்டும். மகசூல் குறியீடு, வானிலைக் குறியீடு இரண்டில் எது விவசாயிக்கு நல்லது? எதை வைத்து முடிவு செய்வது?

இரண்டுமே உங்கள் வயலைப் பார்த்து இழப்பீடு கொடுப்பதில்லை. வயலுக்குப் பதிலாக வேறொன்றை அளந்து, அதையே உங்கள் இழப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அந்த அளவு எங்கே பிசகுகிறது என்பதைத் தேடுங்கள். மானாவாரி நிலக்கடலையை எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் தொகைகளும் அளவுகளும் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை.

2016 காரீஃப் பருவத்தில் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் மகசூல் குறியீட்டைச் சார்ந்தது. ஒரு கிராமத்தின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு 1,500 கிலோ என்போம். அதில் 80 சதவீதம், அதாவது 1,200 கிலோ, உத்தரவாத மகசூல். அறுவடைக் காலத்தில் அந்தக் கிராமத்தில் நான்கு இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். ஒரு முறை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குலுக்கல் எண்படி வயலுக்குள் அடி எண்ணி நடந்து, ஒரு மூலையில் முளைக்குச்சி அடித்து, பக்கத்துக்கு 5 மீட்டராகக் கயிறு கட்டினார்கள். உள்ளே இருந்த செடிகளை மட்டும் பிடுங்கி, காய்களை ஆய்ந்து எடை போட்டார்கள். 25 சதுர மீட்டர் எடையை 400 ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் வந்துவிடும். எல்லாரும் தராசு முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முளைக்குச்சி எங்கே இறங்கியது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

அந்தக் குச்சிதான் எல்லாம். காய்ந்த எடையில் நான்கு சதுரங்களும் 2.0, 2.6, 2.4, 2.0 கிலோ கொடுத்தால் சராசரி 2.25 கிலோ, ஹெக்டேருக்கு 900 கிலோ. உத்தரவாத மகசூலில் 300 கிலோ, அதாவது கால் பங்கு, குறைகிறது. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 24,000 ரூபாய் என்றால், ஒவ்வொருவருக்கும் ஏக்கருக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். முதல் சதுரம் மட்டும் கிணற்றடி ஈரத்தில் நின்ற செழிப்பான செடிகள்மீது விழுந்து 5.0 கிலோ கொடுத்திருந்தால்? சராசரி 3.0 கிலோ, ஹெக்டேருக்கு 1,200 கிலோ. இழப்பீடு பூஜ்யம். ஒரே ஒரு சதுரம் ஊர் முழுவதன் பணத்தையும் அழித்துவிடுகிறது. குச்சி தற்செயலாக நகர்ந்ததா, யாரேனும் நகர்த்தினார்களா என்பது பிறகு தெரியாது. கயிறு கட்டும் நேரத்தில் எடுத்த இடக்குறிப்புள்ள படம்தான் ஒரே தடயம். குச்சி சரியான இடத்தில் இறங்கினாலும், முழுதும் காய்ந்துபோன வயலுக்கும் பாதி தேறிய வயலுக்கும் அதே 6,000 ரூபாய்தான்.

வானிலைக் குறியீட்டில் இந்தத் தகராறு இல்லை. 2003இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளிடம் இது இந்தியாவில் முதலில் சோதிக்கப்பட்டதும் இந்த எளிமைக்காகத்தான். பூவின் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் பருவத்தில் மழை 80 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 100 ரூபாய் என்று ஒப்பந்தம் இருக்கட்டும். வானிலை நிலையத்தின் மழைப் பதிவு வந்தவுடன் கணக்கு முடிந்துவிடும். அறுவடை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நிலையம் இருப்பது அடுத்த ஊரில். அங்கே 78 மில்லிமீட்டர் பதிவானால் 200 ரூபாய். உங்கள் ஊரில் பெய்தது 40 என்றால், உங்களுக்கு நியாயமாக வர வேண்டியது 4,000 ரூபாய். கோடைமழை மாட்டின் ஒரு கொம்பை நனைத்து மறு கொம்பை நனைக்காது என்பார்களே, அந்த மழையை ஒரே மானியால் அளக்கிறோம். இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் பிசகு வேறு. அந்த 78இல் 70 மில்லிமீட்டர் ஒரே இரவில் கொட்டி ஓடிப்போய், பிறகு இருபது நாள் மண் இறுகிக் கிடந்தால், விழுது மண்ணுக்குள் இறங்காது. மொத்த மழை மட்டும் பார்க்கும் ஒப்பந்தத்துக்கு அது தெரியாது. தொடர் வறண்ட நாட்களையும் எண்ணும் ஒப்பந்தமா என்று பாருங்கள். சிவப்புக் கம்பளிப்புழு தின்ற வயலோ எந்த மானியிலும் பதிவாகாது.

என் தேர்வு மகசூல் குறியீடுதான். புழு, வறட்சி, நோய் எதுவானாலும் கடைசியில் எடையில் வந்து நிற்கும். அதன் பெரிய குறை தாமதம். அடுத்த விதைப்புக்குக் கடன் வாங்கிய பிறகு வரும் இழப்பீடு வட்டிக்கே போய்விடும். வானிலைக் கணக்கை முன்பணத்துக்கும் மகசூலை இறுதிக் கணக்குக்கும் வைத்தால் இது தணியும். இப்போதைய திட்டத்திலும் பருவத்தின் நடுவில் வழக்கமான மகசூலில் பாதிகூடத் தேறாது என்று தெரிந்தால் ஒரு பகுதியை முன்கூட்டியே தர வழி இருக்கிறது.

உங்கள் கட்டுரைக்கு ஒரு கணக்கு செய்து பாருங்கள். ஒரு கிராமத்தின் பத்தாண்டு மகசூலையும் அருகிலுள்ள நிலையத்தின் மழைப் பதிவையும் எடுத்து, இரண்டு ஒப்பந்தங்களும் ஆண்டுதோறும் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று எழுதுங்கள். சராசரியை ஒப்பிடாதீர்கள். மிக மோசமான இரண்டு மூன்று ஆண்டுகளை மட்டும் வட்டமிட்டு, அவற்றில் எந்த ஒப்பந்தம் வெறுங்கையோடு அனுப்பியிருக்கும் என்று எண்ணுங்கள்.