ஒரே கேள்விக்கு இரண்டு கடின மதிப்பு

“தாம்பரம் சென்டரில் 210 பேர், அண்ணா நகரில் 230 பேர். வேறு வேறு வினாத்தாள், 8 கேள்வி மட்டும் பொது. ராஷ் மாடலில் தனித்தனியாக ஓட்டினால் அந்த 8-க்கும் இரண்டு விதமாகக் கடின மதிப்பு வருகிறது. சராசரி எடுக்கலாமா?”

வேண்டாம். ஒரு தாளை மற்றதன் அளவுகோலுக்கு நகர்த்துங்கள்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மென்பொருள் அந்தக் குழுவின் சராசரித் திறனையே பெரும்பாலும் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்ளும், அதனால் பலம் குறைந்த குழுவில் அதே கேள்வி கூடுதல் கடினமாகத் தெரியும். பொதுக் கேள்விகளின் சராசரி தாம்பரத்தில் -0.30, அண்ணா நகரில் 0.50 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.80. அண்ணா நகர்த் தாளின் எல்லாக் கேள்வியிலும் அதைக் கழியுங்கள், 1.20 என்று இருந்தது 0.40 ஆகும்.

கழிக்கும் முன் 8 வித்தியாசங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏழு கேள்வி 0.6 முதல் 0.9-க்குள் இருந்து ஒன்று மட்டும் 1.9 என்றால், அதை ஒரு சென்டரில் முன்பே நடத்தியிருக்கலாம், அல்லது ஒரு தாளில் கடைசியில் வந்து பலருக்கு நேரம் போதாமல் போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு வித்தியாசத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

R-இல் என்றால் ஒரே ஓட்டமாகவும் செய்யலாம்:

```r
m <- TAM::tam.mml(resp, group = g)
```

இதில் resp என்பது இரண்டு சென்டரின் விடைகளும் சேர்ந்த அட்டவணை, g என்பது ஒவ்வொருவரும் எந்த சென்டர் என்பது. resp-இல் ஒருவருக்குக் கொடுக்கவே கொடுக்காத கேள்வி NA-வாக இருக்க வேண்டும். 0 போட்டால் தவறான விடையாகக் கணக்காகி எல்லாமே கெட்டுவிடும்.

அப்புறம் ஒன்று, 8 பொதுக் கேள்வி குறைவுதான். அடுத்த பைலட்டில் 15 வையுங்கள், சுலபமானதும் கடினமானதும் கலந்து.