முதல் மாதம் 450 வெள்ளி: சிபிஎஃப் வளரும் விதம்

"அண்ணா, வணக்கம். எனக்கு 30 வயது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்துவிட்டு இப்போதுதான் சிங்கப்பூர் நிரந்தரவாசம் கிடைத்திருக்கிறது. சம்பளம் 5,000 வெள்ளி. சிபிஎஃப் எனும் மத்திய சேமநிதிக்கு 37 விழுக்காடு போகும் என்றார்கள். முதல் மாதம் மொத்தமே 450 வெள்ளிதான் ஏறியிருக்கிறது. ஊரில் பிஎஃப் எட்டு விழுக்காட்டுக்கு மேல் தரும்போது இங்கே இரண்டரைதான் என்கிறார்கள். 55 வயதில் இது என்னவாகும்? நடுவில் ஊருக்குத் திரும்பினால் பணம் கிடைக்குமா?"

தம்பி, 450 வெள்ளி சரியான கணக்குதான். உங்கள் நிறுவனம் ஏமாற்றவில்லை. புதிய நிரந்தரவாசிக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த விகிதம். முதல் ஆண்டில் உங்கள் பங்கு 5 விழுக்காடு, முதலாளியின் பங்கு 4. இரண்டாம் ஆண்டில் உங்களுடையது 15, அவருடையது 9. மூன்றாம் ஆண்டிலிருந்துதான் முழு விகிதம்: நீங்கள் 20, அவர் 17, ஆக 37. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்த காலத்துக்குச் சந்தாவே கிடையாது என்பதால் உங்கள் சிபிஎஃபுக்கு வயது இன்று ஒரு மாதம்தான்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது கைக்கு வரும் சம்பளத்தை. இப்போது 4,750 வெள்ளி வாங்குவீர்கள். அடுத்த ஆண்டு அது 4,250 ஆகும், அதற்கடுத்த ஆண்டு 4,000. சம்பள உயர்வு இல்லாவிட்டால் இரண்டு முறை வருமானம் குறைந்ததுபோல் இருக்கும். இன்றைய 4,750-ஐ வைத்து வீட்டு வாடகையை முடிவு செய்துவிட்டுப் பிறகு திண்டாடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 4,000-ஐ வைத்தே மாதச் செலவைத் திட்டமிடுங்கள்.

இனி வட்டி. "இரண்டரை விழுக்காடு" என்று சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஊர் பிஎஃப்போல எல்லாப் பணத்துக்கும் ஒரே வட்டி இங்கே இல்லை. உள்ளே வரும் பணம் உடனே மூன்று கணக்குகளாகப் பிரிந்துவிடும். உங்கள் 450-இல் சுமார் 280 சாதாரணக் கணக்குக்கும், 73 சிறப்புக் கணக்குக்கும், 97 மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கும் போயிருக்கும். சாதாரணக் கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு. மற்ற இரண்டுக்கும் குறைந்தது 4. இதற்கு மேல், மூன்று கணக்கிலும் சேர்ந்துள்ள முதல் 60,000 வெள்ளிக்கு ஒரு விழுக்காடு கூடுதல் வட்டி உண்டு. அந்த 60,000-இல் சாதாரணக் கணக்குப் பணம் 20,000 வரைதான் சேரும். சிறிய இருப்பு உள்ளவருக்குச் சாதகமான ஏற்பாடு இது. அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்கள் பணத்தின் பெரும்பகுதி இந்தக் கூடுதல் வட்டிக்குள் அடங்கிவிடும்.

ஊரில் 8.25 விழுக்காடு என்பது உண்மைதான். ஆனால் அது ரூபாயில் கிடைக்கும் வட்டி, ரூபாயின் விலைவாசியோடு ஓடவேண்டிய வட்டி. இரண்டு நாட்டு விழுக்காடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. வாழப்போவது எந்த நாணயத்தில் என்பதுதான் கேள்வி.

வளர்ச்சி எப்படி நடக்கிறது என்பதைச் சிறப்புக் கணக்கில்தான் தெளிவாகப் பார்க்க முடியும், ஏனென்றால் அதை இடையில் யாரும் தொடுவதில்லை. உங்கள் சம்பளம் 25 ஆண்டுக்கும் 5,000-ஆகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடக்காத காரியம்தான், ஆனால் கணக்கு எளிதாக இருக்கும். கூடுதல் வட்டியையும் விட்டுவிடுகிறேன். வெறும் 4 விழுக்காடு மட்டும்.

முழு விகிதம் வந்தபின் மாதச் சந்தா 1,850 வெள்ளி. அதில் சிறப்புக் கணக்குக்கு 300 போகும். வயது ஏற ஏற இந்தப் பங்கு கூடும்: 35 வயதைத் தாண்டினால் 350, 45-ஐத் தாண்டினால் 400, 50-ஐத் தாண்டினால் 575. இந்தக் கணக்கில் 35 வயதில் உங்கள் சிறப்புக் கணக்கில் ஏறத்தாழ 15,000 வெள்ளி இருக்கும். பார்க்கச் சோர்வாகத்தான் இருக்கும். 45 வயதில் 74,000. 50-இல் 116,000. 55-இல் 179,000. இதில் சந்தாவாகப் போட்டது சுமார் 114,500. மீதி சுமார் 65,000 வட்டி.

மொத்தத்தைவிட அதன் போக்கைப் பாருங்கள். 36-ஆவது வயதில் அந்த ஓராண்டுச் சந்தா 4,200 வெள்ளி, பழைய இருப்புக்குக் கிடைக்கும் வட்டி 600 சொச்சம். 55-ஐ எட்டும் ஆண்டில் சந்தா 6,900, வட்டியும் ஏறக்குறைய அதே அளவு. முதல் பத்தாண்டு நீங்கள் கணக்கைத் தூக்கிச் சுமக்கிறீர்கள். கடைசி ஐந்தாண்டில் கணக்கு உங்களோடு சேர்ந்து சம்பாதிக்கிறது. அதனால்தான் இளவயதில் போகும் சந்தாவுக்கு மதிப்பு அதிகம். 30 வயதில் சிறப்புக் கணக்கில் இருக்கும் 10,000 வெள்ளி 55-இல் சுமார் 26,700 ஆகும். அதே தொகை 50 வயதில் சேர்ந்தால் 12,200-க்கும் குறைவு.

முதல் இரண்டு ஆண்டின் குறைந்த விகிதம் உங்களுக்கு எவ்வளவு இழப்பு என்பதை இப்போது கணக்கிடலாம். முழு விகிதத்தில் இரண்டு ஆண்டுக்கு 44,400 வெள்ளி சேர்ந்திருக்கும். உங்களுக்குச் சேரப்போவது 19,800. வித்தியாசம் 24,600. அதில் பாதிக்குச் சற்று அதிகமான 12,600 முதலாளி தந்திருக்க வேண்டிய பங்கு. முதலாளியும் நீங்களும் சேர்ந்து விண்ணப்பித்தால் தொடக்கத்திலிருந்தே முழு விகிதம் கட்டலாம். முதலாளி மட்டும் முழுப் பங்கு கட்டவும் வழியுண்டு. மனிதவளப் பிரிவில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள், கூடுதல் செலவு அவர்களுடையது அல்லவா. ஆனாலும் வேலை மாறும்போது பேரத்தில் வைக்கத்தக்க விஷயம்.

இனி சாதாரணக் கணக்கு. அதே 5,000 வெள்ளிக் கணக்கில், ஒரு காசும் எடுக்காவிட்டால் 55 வயதில் அதில் சுமார் 390,000 இருக்கும். ஆனால் எடுக்காதவர் யார்? அந்தக் கணக்கை வைத்துத்தான் இந்த ஊரே வீடு வாங்குகிறது. கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால், மூன்று ஆண்டு கழிந்தபின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை வீடு வாங்கலாம். அப்போது மாதத் தவணை இங்கிருந்துதான் போகும்.

இதில் பலரும் விற்கும்போதுதான் தெரிந்துகொள்ளும் ஒரு விதி இருக்கிறது. வீட்டுக்கு எடுத்த பணத்தை, அது உள்ளேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காடு வட்டியோடு, விற்ற தொகையிலிருந்து சிபிஎஃபுக்குத் திருப்பவேண்டும். மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டு எடுத்தால் எடுத்தது 240,000. திருப்ப வேண்டியது சுமார் 310,000. பணம் யாருக்கும் போய்விடுவதில்லை, உங்கள் கணக்குக்கே வருகிறது. ஆனால் வீடு விற்றதும் கையில் ரொக்கம் கிடைக்கும் என்று எண்ணி அடுத்த வீட்டுக்கு முன்பணம் பேசியவர் மாட்டிக்கொள்வார். எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள், எவ்வளவு வட்டி ஏறியிருக்கிறது என்பது சிங்பாஸ் வழியாகச் சிபிஎஃப் தளத்தில் நுழைந்தால் எப்போதும் தெரியும்.

சாதாரணக் கணக்குப் பணத்தைச் சிறப்புக் கணக்குக்கு மாற்றி 4 விழுக்காடு வாங்கலாமே என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். முடியும், ஆனால் அது ஒருவழிப் பாதை. திரும்ப மாற்ற முடியாது. வீடு வாங்கும் எண்ணம் இருக்கும்வரை அதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. வீட்டுக் கணக்கு முடிந்தபின் யோசியுங்கள்.

கணக்கைச் சரிபார்க்க இரண்டு விஷயம் போதும். சம்பள மாதத்துக்கான சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குள் கட்டியிருக்கவேண்டும். 15-ஆம் தேதி தளத்தில் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும் அங்கே ஏறிய தொகையும் பொருந்தவேண்டும். சீட்டில் பிடித்திருக்கிறது, கணக்கில் வரவில்லை என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், முதலில் அலுவலகத்திலும் பிறகு சிபிஎஃப் கழகத்திலும் கேளுங்கள். இரண்டாவது, விகிதம் மாறும் மாதம். நிரந்தரவாசம் கிடைத்து ஓராண்டு நிறையும் மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் இரண்டாம் ஆண்டு விகிதம் வரவேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சிறிய நிறுவனத்தில் சம்பளம் போடுபவர் இதை மறந்துவிட்டார். நான்கைந்து மாதம் கழித்துத்தான் சரிசெய்தார்கள்.

டிசம்பர்வரை வட்டியே ஏறவில்லையே என்று பதறவேண்டாம். ஒவ்வொரு மாதமும் வட்டி கணக்கிடப்படும், ஆனால் ஆண்டு முடிவில்தான் வரவு வைப்பார்கள். ஒரு மாதம் வந்த சந்தாவுக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி தொடங்கும்.

55 வயதில் என்ன நடக்கும்? சிறப்புக் கணக்கு மூடப்படும். அந்தப் பணம் ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும், முழு ஓய்வுக்காலத் தொகை நிரம்பும்வரை. போதாவிட்டால் சாதாரணக் கணக்கிலிருந்தும் எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தொகைக்கு மேல் மிஞ்சுவதை ரொக்கமாக எடுக்கலாம். மற்றது 65 வயதிலிருந்து மாதாமாதம் கிடைக்கும். 2026-இல் 55 வயதை எட்டுபவருக்கு முழுத் தொகை 220,400 வெள்ளி. ஆண்டுதோறும் அது கூடிவருகிறது, நீங்கள் 55-ஐ எட்டும்போது இன்னும் பெரிதாக இருக்கும். ஆகவே "55-இல் மொத்தமாகக் கைக்கு வரும்" என்று கணக்குப் போடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பினால் என்று கேட்டீர்கள். நிரந்தரவாசத்தைத் துறந்துவிட்டு நிலையாகக் கிளம்பினால் மூன்று கணக்கிலும் உள்ள பணத்தை வட்டியோடு முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். சிறப்புக் கணக்கில் பூட்டிய பணமும் இதில் அடங்கும். துறக்காமல் வேலைக்காக மட்டும் வேறு நாட்டுக்குப் போனால் எடுக்க முடியாது. சந்தா நின்றுவிடும், இருப்புக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.