கார் சீட்டில் தூங்கும் குழந்தையை அப்படியே விட்டுவிடலாமா?

எங்கள் 2 மாதக் குழந்தை கார் ஏறியதுமே தூங்கிவிடுகிறான். வீடு வந்ததும் எழுப்ப மனமில்லாமல் சீட்டோடு தூக்கிவந்து ஹாலில் வைத்துவிடுகிறோம். பெல்ட் போட்டுத்தானே இருக்கிறான், இதில் என்ன ஆபத்து?

அப்படி வைக்க வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்ததும் பெல்ட்டைக் கழற்றி, சமமான கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். விழித்து அழுதாலும் பரவாயில்லை. கோவையில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். அப்படியிருந்தும் என் மகள் விஷயத்தில் இதே தவற்றைச் செய்தேன்.

அவளுக்கு அப்போது ஏழு வாரம். கோவையிலிருந்து கோபியில் உள்ள என் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டவர்கள், அவிநாசியில் நிறுத்திப் பால் கொடுத்துவிட்டு மறுபடி கிளம்பினோம்; அங்கிருந்து வீடு வரும்வரை அவள் கண் திறக்கவில்லை. "எழுப்பாத கண்ணு, அசந்து தூங்குறா" என்று அம்மா சொல்ல, சீட்டோடு தூக்கி வந்து திண்ணையை ஒட்டிய தரையில் வைத்தேன். இறுக்கமாக இருக்குமே என்று தோள் பெல்ட்டையும் தளர்த்தினேன். கால்மணி நேரம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பிச்சிதான் "புள்ள என்னமோ முனகுதே" என்றார். போய்ப் பார்த்தால் இடுப்பு முன்னால் வழுக்கி, முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் பதிந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் சின்னதாக ஒரு முனகல், மூக்குத் துவாரம் விரிந்து சுருங்கியது. தூக்கிப் படுக்க வைத்ததும் இரண்டு மூச்சில் முனகல் நின்றது. நாங்கள் பக்கத்தில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை.

காரணம் குழந்தையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, அதிலும் பின்மண்டை புடைத்திருக்கும். அதைத் தாங்கும் வலு கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. உட்கார்ந்த நிலையில் தூங்கும்போது இருக்கிற கொஞ்ச வலுவும் தளர்ந்து தலை முன்னால் சரிகிறது. மூச்சுக்குழாயோ மெல்லியது, மென்மையானது. முகவாய் நெஞ்சில் பட்டதும் தண்ணீர் போகும் ரப்பர் குழாயை மடித்ததுபோல் தொண்டைப் பகுதி குறுகுகிறது. மூச்சு முற்றிலும் நின்றுவிடுவதில்லை, உள்ளே போகும் காற்றின் அளவு குறைகிறது. இந்த வயதுக் குழந்தைக்குத் திமிறித் தலையை நிமிர்த்தத் தெரியாது. கைகால் உதைக்காமல், அழாமல், ஆக்சிஜன் மெல்லக் குறைந்துகொண்டே போகும். பார்ப்பவருக்கு அது நல்ல தூக்கமாகத்தான் தெரியும்.

காரில் சரியாகப் பொருத்திய சீட், தலை பின்னால் சாய்ந்திருக்கும்படி ஏறக்குறைய 45 டிகிரியில் படுத்திருக்கும். அதையே எடுத்துத் தரையில் வைத்தால் பல மாடல்களில் அந்தச் சாய்வு மாறி முதுகு நிமிர்ந்துவிடும். பெல்ட்டைத் தளர்த்தினால் குழந்தை வழுக்குவது மட்டுமல்ல, கழுத்தில் வார் சிக்கும் ஆபத்தும் சேர்கிறது. அமெரிக்காவில் 2004 முதல் 2014 வரை தூக்கத்தில் நிகழ்ந்த 11,779 குழந்தை இறப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், 348 குழந்தைகள் இப்படி உட்காரும் சாதனங்களில் இறந்திருந்தார்கள். அவர்களில் 219 பேர் கார் சீட்டில். பாதிக்கு மேற்பட்ட இறப்புகள் குழந்தையின் வீட்டிலேயே நிகழ்ந்தவை, கார் சீட் இறப்புகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் சீட் முறைப்படி பயன்பட்டிருந்தது.

இதைப் படித்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக் கார் ஓட்டத் தொடங்கிவிடாதீர்கள். வண்டி ஓடும்போது, பின்நோக்கிப் பொருத்திய சீட்டை மிஞ்சிய பாதுகாப்பு இல்லை. தோளில் பெல்ட்டைக் கிள்ளினால் மடிப்பு கிடைக்காத அளவுக்கு இறுக்கமாகப் போடுங்கள், ஒருவர் பின்னால் அமர்ந்து முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், 2 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாமல் நிறுத்தி வெளியே எடுங்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையானால் அவசியமில்லாத நீண்ட பயணமே வேண்டாம். குறைமாதத்தில் பிறந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். தலைக்குப் பின்னால் துண்டு மடித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அது தலையை இன்னும் முன்னால்தான் தள்ளும்.

ஸ்ட்ரோலரில் சாய்மானத்தைத் தட்டையாக்கிப் படுக்க வைக்கலாம். நெஞ்சோடு கட்டும் கேரியரில் குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் வைக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், முகவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரலாவது நுழைய வேண்டும். சேலைத் தொட்டிலிலும் பச்சிளங்குழந்தை இதே மாதிரி வளைந்து படுக்கும் என்பதை என் அம்மா ஒத்துக்கொள்ளவே ஒரு வாரம் ஆயிற்று.

முனகல், குறட்டை, விலாவுக்கிடையே தோல் உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே வெளியே எடுத்துச் சமமாகப் படுக்க வையுங்கள். நீலம் மாறாவிட்டாலோ, குழந்தை எழும்பாவிட்டாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.