மாமா எழுதிய பயோடேட்டாவை முதலில் கிழியுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். "சும்மா சுத்துறான் சார், மாமா பி.இ. சேர்க்கச் சொல்றார், நகையை வச்சு ஃபீஸ் கட்டிடலாம்னு இருக்கோம்" என்றார் அப்பா. கூடவே வேலைக்காக மாமா தயாரித்த பயோடேட்டா. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பல பேருக்குப் போய்விட்டதாம்.

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நகையை வைக்கக் கூடாது. அரம் பிடித்தால் நேரம் போவதே தெரியாத பையனை, அவன் கேட்காத நான்கு வருடப் படிப்பில் கடனோடு உட்கார வைப்பதற்கு மாமாவின் கௌரவம் ஒரு காரணமாகாது.

பெரம்பூரிலேயே இருக்கிற ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர்களை எடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தாலும் இதை யாரும் வீட்டில் பேசுவதில்லை. ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டருக்கு ஒரு வருடப் பயிற்சி, மாதம் உதவித்தொகை, முடிவில் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். நிரந்தர வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ரயில்வேயின் லெவல்-1 என்கிற கடைநிலைப் பணியிடங்களில், ரயில்வேயில் பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்க மதிப்பெண்ணை வைத்தே பட்டியல் போடுகிறார்கள். அதனால் இங்கே பேசுவது காகிதம்தான். அந்தக் காகிதத்தை மாமா கெடுத்து வைத்திருக்கிறார்.

எப்படிக் கெடுத்தார் என்று பாருங்கள். "டிப்ளமோ இன் மெக்கானிக்கல், 2022–2025" என்று எழுதியிருக்கிறார். பையனிடம் இருப்பது தேசியத் தொழிற்சான்றிதழ், தொழில் ஃபிட்டர், பயிற்சிக் காலம் 2022–24. அதன்பின் வியாசர்பாடிப் பட்டறையில் வேலை செய்த ஒரு வருடத்தையும் படிப்போடு சேர்த்து மூன்று வருடம் ஆக்கிவிட்டார், டிப்ளமோ என்றால் மூன்று வருடம் என்பதால். அசலைக் கேட்கும் நாளில் இது பொய்ச் சான்று மாதிரி தெரியும். பட்டறையில் அவன் உதவியாளர். மாமா 'மெக்கானிக்கல் இன்ஜினியர்' என்று போட்டிருக்கிறார். பட்டறைக்காரர் கடிதம் தருகிறவரை அந்த வரியே வேண்டாம். தந்தால், கடிதத்தில் உள்ள பதவியும் தேதியும் அப்படியே.

பெயரில் இன்னொன்று. பத்தாம் வகுப்புச் சான்றில் KARTHICK S. ஆதாரில் Karthik Selvam. பயோடேட்டாவில் மூன்றாவதாக Kaarthik. தமிழில் ஒன்றுதான், படிவத்துக்கு மூன்று ஆட்கள். இதில் தாய் ஆவணம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். ரயில்வே விண்ணப்பங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் அதன்படியே கேட்கின்றன. எனவே ஆதாரைத்தான் அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். அவசரத்தில் போய்த் தப்பாக மாற்றி ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிலேயே பிழை என்றால், பள்ளித் தலைமையாசிரியர் மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. பயோடேட்டாவில் மட்டும் சரியாக எழுதிக்கொண்டால் அது இன்னொரு முரண்பாடு.

பிறந்த தேதி 07/03 என்றிருந்தது. மார்ச்சா, ஜூலையா? மாதத்தை எழுத்திலேயே எழுதுங்கள்.

சரிபார்க்கும்போது நகல்கள் வேண்டாம், அசல்களை மேசையில் பரப்புங்கள். ஒருவர் அசலைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் படிக்கட்டும், "கே, ஏ, ஆர், டி, எச், ஐ, சி, கே" என்று. மற்றவர் பயோடேட்டாவில் பென்சிலால் டிக் போடட்டும். எழுதியவரே படித்தால், மனதில் இருப்பதைத்தான் கண் பார்க்கும். அதனால் மாமா கையில் பென்சில் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கு எதிரே அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க முடியாத வரி போகட்டும். தேதிகளில் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு: சான்றிதழ் வழங்கப்பட்ட நாளைத் தேர்ச்சி பெற்ற நாளாக எழுதிவிடுகிறார்கள். தேர்வு நடந்த மாதமும் வருடமும் சான்றில் தனியாக இருக்கும், அதை எடுங்கள்.

திருத்தியதை பி.டி.எஃப். ஆக்கி, கோப்பின் பெயரிலேயே தேதி போடுங்கள். பழையதை வாங்கியவர்கள் எல்லோருக்கும் புதியதை அனுப்பி, முந்தையதை அழித்துவிடச் சொல்லுங்கள். மாமாவுக்கும் ஒன்று.