மூன்று மீட்டர் என்பது எது?

அன்புள்ள ஐயா,

நீட் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படிக்கிறேன். சுழற்சி இயக்கத்தில் ஒரு கணக்கு. 100 கிலோ நிறையும் 3 மீட்டர் விட்டமும் உள்ள வட்டத்தட்டு ராட்டினம் உராய்வில்லாமல் நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றுகிறது. விளிம்பில் நிற்கும் 25 கிலோ சிறுவன் மையத்தை நோக்கிப் பாதித் தூரம் நடந்து வந்து நிற்கிறான். புது வேகம் என்ன, இயக்க ஆற்றல் எவ்வளவு கூடியது, அதன்பின் விளிம்பில் 45 நியூட்டன் உராய்வு விசையால் பிரேக் பிடித்தால் எத்தனை வினாடியில் நிற்கும்? எனக்கு வந்தவை 26.7 சுற்று, 493.5 ஜூல், 10.5 வினாடி. முதல் விடை மட்டும் சரியாம். நிமிடத்தை வினாடியாக்கினேன், சுற்றை ரேடியனாக்கினேன், அலகுகளை வரிவரியாகப் பார்த்தேன். நேரத்தை ஆற்றல் வழியாகவும் போட்டுப் பார்த்தேன், அதே 10.5 தான். எங்கே தப்பு?

ச., திருவாரூர்

அன்புள்ள ச.,

உங்கள் நோட்டைப் பார்க்காமலே சொல்லலாம்: 3 மீட்டரை ஆரமாகப் போட்டுவிட்டீர்கள். அதுவும் ஓரிடம் விடாமல் எல்லா இடத்திலும். பாதி இடத்தில் போட்டிருந்தால் ஏதாவது ஒன்று இடித்திருக்கும். ஒழுங்காகச் செய்த தப்பு என்பதால்தான் கையில் சிக்கவில்லை.

முதலில் சரியான கணக்கு. ஆரம் 1.5 மீட்டர். தட்டின் நிலைமத் திருப்புத்திறன் ½MR², அது 112.5. விளிம்பில் நிற்கும் பையனுக்கு mr², அது 56.25. இரண்டும் சேர்ந்து 168.75 கிலோகிராம் மீட்டர்². பையன் 0.75 மீட்டருக்கு வந்ததும் அவன் பங்கு 14.06 ஆகச் சுருங்கிவிடுகிறது, மொத்தம் 126.56. வெளியிலிருந்து திருப்பு விசை எதுவும் இல்லாததால் கோண உந்தம் மாறாது. ஆகவே வேகம் 168.75 / 126.56 மடங்கு, அதாவது சரியாக 4/3 மடங்கு ஏறுகிறது. 20 சுற்று 26.67 சுற்றாகிறது.

இப்போது 3 மீட்டரை ஆரமாக வைத்துப் போடுங்கள். தட்டுக்கு 450, பையனுக்கு 225. உள்ளே வந்ததும் 56.25. மொத்தம் 675 என்பது 506.25 ஆகிறது. வகுத்தால் அதே 4/3! எல்லா எண்ணும் 4 மடங்கு வீங்கியிருக்கிறது, மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. மீட்டருக்குப் பதில் சென்டிமீட்டர் போட்டிருந்தாலும் இந்த விடை சரியாகவே வந்திருக்கும். ரேடியனாக மாற்றாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். கோண உந்த மாறா விதிக் கணக்குகளில் வேகத்தை மட்டும் கேட்டால் விடை ஒரு விகிதம். ஆரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. முதல் விடை சரியாக வந்ததும், மேலே உள்ள வரிகளெல்லாம் சரி என்று நம்பி அடுத்த பகுதிக்குப் போயிருப்பீர்கள். நிறையப் பேர் வழுக்குவது அந்த இடத்தில்தான்.

ஆற்றலில் ஆரம் அடிபடாது. தொடக்கத்தில் கோண வேகம் 2.094 ரேடியன்/வினாடி, இயக்க ஆற்றல் 370.1 ஜூல். பையன் உள்ளே வந்தபின் 493.5 ஜூல். கூடியது 123.4 ஜூல். உங்கள் 493.5 அதைப்போல் 4 மடங்கு, ஏனென்றால் ஆரம் இங்கே இருபடியாக நிற்கிறது. நேரத்துக்கு வந்தால், கோண உந்தம் 353.4. பிரேக் தரும் திருப்பு விசை 45 × 1.5 = 67.5. வகுத்தால் 5.24 வினாடி. உங்கள் 10.5 இதைப்போல் 2 மடங்குதான். கோண உந்தம் 4 மடங்கு வீங்கியது, திருப்பு விசையில் ஆரம் ஒருபடி என்பதால் அது 2 மடங்கு வீங்கியது, வகுத்ததில் 2 மிஞ்சியது. விடைக் குறிப்போடு ஒப்பிடும்போது ஒரு பகுதி சரி, ஒரு பகுதி 4 மடங்கு, ஒரு பகுதி 2 மடங்கு என்று வந்தால், அது விட்டம் போட்டுவிட்டுப் போன கால்தடம்.

ஆனால் 4 என்று ஒரே ஒரு எண்ணைப் பார்த்ததும் விட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். மேலே இன்னொரு முறை பாருங்கள், பையன் உள்ளே வந்தபின் உள்ள மொத்த ஆற்றலும் 493.5 ஜூல்தான். ஆரத்தைச் சரியாகப் போட்டு, பழைய ஆற்றலைக் கழிக்க மறந்தவருக்கும் உங்கள் எண்ணே கிடைத்திருக்கும். இந்தக் கணக்கில் கூடுதல் ஆற்றல் பழையதில் மூன்றில் ஒரு பங்காக அமைந்துவிட்டதால் நேர்ந்த பொருத்தம் அது. உங்களிடம் மூன்றாவது விடை இருந்ததால்தான் நான் துணிந்து சொன்னேன்.

அலகுகளை வரிவரியாகப் பார்த்தும் ஏன் அகப்படவில்லை? விட்டமும் மீட்டர், ஆரமும் மீட்டர். பாதிக்கு அலகு கிடையாது. சுற்றுக்கும் ரேடியனுக்கும் இடையே உள்ள 2π-க்கும் கிடையாது. நிமிடத்தை வினாடியாக்கிவிட்டு 2π-ஐ மறந்தவரிடம் அலகுச் சோதனை தலையாட்டிக்கொண்டே போகும்.

ஆற்றல் வழியாகச் சரிபார்த்தது இன்னும் சுவாரசியம். உங்கள் மொத்த ஆற்றல் 1974 ஜூல். 45-ஆல் வகுத்தால் பிரேக் தேய்ந்த தூரம் 43.9 மீட்டர். உங்கள் விளிம்பு வேகம் 8.38, நிற்கும்வரை சராசரி அதில் பாதி, 4.19. அதை 10.47 வினாடியால் பெருக்கினாலும் 43.9 மீட்டர். அச்சாகப் பொருந்துகிறது. பொருந்தத்தான் செய்யும், 6 மீட்டர் அகல ராட்டினம் ஒன்றுக்கு நீங்கள் போட்டது மிகச் சரியான கணக்கு! ஒரே தப்பான எண்ணை இரண்டு வழியாக அனுப்பினால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேரும். இரண்டாவது வழி கேள்வித்தாளிலிருந்து கிளம்ப வேண்டும், நோட்டிலிருந்து கிளம்பினால் பயனில்லை.

நான் செய்வது இது. சூத்திரம் எதையும் தொடாமல், கேள்வியில் அச்சாகியிருக்கும் எண்களைக் கொண்டே விளிம்பு வேகத்தைக் கண்டுபிடிப்பேன். நிமிடத்துக்கு 26.67 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 2.25 வினாடி. 3 மீட்டர் அகலத் தட்டின் சுற்றளவு 3.14 × 3, ஏறக்குறைய 9.42 மீட்டர். 2.25 வினாடியில் 9.42 மீட்டர் என்றால் வினாடிக்கு 4.19 மீட்டர். இதில் விட்டத்தைப் பாதியாக்கும் வேலையும் இல்லை, ரேடியனும் இல்லை, தப்பு நுழைய வாசலே இல்லை. பிறகு நோட்டில் உள்ள கோண வேகத்தையும் ஆரத்தையும் பெருக்கிப் பாருங்கள். 2.793 × 1.5 என்றால் 4.19. உங்களுக்கு 2.793 × 3, அதாவது 8.38 வந்திருக்கும். அந்த இடத்திலேயே நின்றிருப்பீர்கள்.

நேரத்தையும் இப்படியே தொடலாம். ஒரே சீராக வேகம் குறைந்து நிற்பதால் சராசரி வேகம் பாதி, 2.09. 5.24 வினாடியில் 10.97 மீட்டர் ஓடும். 45 × 10.97 போட்டால் 493.5 ஜூல், நிறுத்த வேண்டிய ஆற்றல் அதுவே. ஒரு சுற்றும் கொஞ்சமும் சுற்றிவிட்டு ராட்டினம் நிற்கிறது.

நிமிடத்தை வினாடியாக்காமல், சுற்றை ரேடியனாக்காமல் 20-ஐ அப்படியே போட்டவர்களுக்கு இதே கணக்கில் வேறொரு பொறி இருக்கிறது. 168.75 × 20 / 67.5 என்று போட்டால் நேரம் 50 வினாடி, பிசிறில்லாத முழு எண். நான் மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு முழு எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, அடியில் இரட்டைக் கோடு போட்டு, மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன். விளிம்பு வேகம் பார்த்திருந்தால் 26.67 × 1.5, வினாடிக்கு 40 மீட்டர் என்று வந்திருக்கும். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் எந்தப் பூங்காவில் ராட்டினம் ஓடுகிறது?

விளிம்பு வேகம் பிடிக்காத ஒன்றும் உண்டு. தட்டுக்கு மட்டும் 3 மீட்டர், பையனுக்குச் சரியாக 1.5 என்று கலந்து போட்டுவிடுவார்கள். "விட்டம்" என்ற சொல் தட்டோடு ஒட்டி நிற்பதால் வரும் குழப்பம் இது. அப்போது முதல் விடையே 21.8 சுற்று என்று கெடும். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, கூடவேண்டிய வேகம் கூடியிருக்கிறதே! இதற்கு ஆரத்தையே தொடாமல் நிறையை வைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் நிற்கும் ஆள் தன் எடையைப்போல் இரண்டு மடங்குத் தட்டுக்குச் சமம், ஏனென்றால் தட்டுக்கு முன்னால் அந்த ½ இருக்கிறது. 25 கிலோ பையன் 50 கிலோ தட்டுக்குச் சமம். மொத்தம் 150. பாதித் தூரம் வந்தால் அவன் கால் பங்கு, 12.5. மொத்தம் 112.5. 150-ஐ 112.5-ஆல் வகுத்தால் 4/3. மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். ஆனால் இது சீரான தட்டுக்கு மட்டும்தான். வளையம் என்றால் விளிம்பில் நிற்கும் ஆள் தன் எடைக்கே சமம்.

கடைசியாக அந்த 123.4 ஜூல். வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லையே, எங்கிருந்து வந்தது? பையனின் கால்களும் கைகளும் செய்த வேலை அது. விளிம்பில் அவன் வேகம் 3.14, அவனை வட்டத்தில் பிடித்துவைக்க mv²/r, அதாவது 25 × 9.87 / 1.5, ஏறக்குறைய 164 நியூட்டன் உள்நோக்கிய விசை வேண்டும். நடக்க நடக்க அது 170-ஐ ஒட்டி ஏறி, கடைசியில் 146-க்கு இறங்குகிறது. சராசரி எடுத்தால் மறுபடி 164 பக்கம்தான் நிற்கிறது. அவன் நடந்தது 0.75 மீட்டர். பெருக்கினால் 123.

உங்கள் 3 மீட்டர் ஆரத்தில் அதே பையனுக்கு 329 நியூட்டன் வேண்டும். அவன் எடையே 245 நியூட்டன்தான். சரியான கணக்கின் 164 கூட அவன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. கம்பியை இறுகப் பிடித்து, உள்பக்கம் நன்றாகச் சாய்ந்துகொண்டுதான் அவனால் ஒவ்வோர் அடியும் எடுத்துவைக்க முடியும்.