வாக்கியங்கள் ஒரே அளவில் இருந்தால் ஏஐ எழுதியதா?

கேள்வி: என் மகள் எம்.காம். படிக்கிறாள். எம்.சி. ரோடு துணிக்கடைகள் பற்றி இங்கிலீஷில் அவளே எழுதிய புராஜெக்ட்டை, ‘70 சதவீதம் ஏஐ’ என்று காலேஜில் திருப்பிவிட்டார்கள். பெர்ப்ளெக்சிட்டி, பர்ஸ்டினெஸ் குறைவாம். அப்படியென்றால் என்ன? பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பணம் கொடுத்தால் குறைத்துத் தருகிறார்களாம். கொடுக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

கொடுக்காதீர்கள்.

ஏஐ எழுதியதா என்று கண்டறியும் கருவி, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகித்துக்கொண்டே படிக்கிறது. ‘காசிமேட்டில் மீன்’ என்றால் அடுத்து ‘வாங்கினேன்’ வரலாம். ‘சிரித்தது’ என்று வந்தால் திகைக்கும். அந்தத் திகைப்பின் சராசரிதான் பெர்ப்ளெக்சிட்டி. ஒவ்வோர் இடத்திலும் சமவாய்ப்புள்ள 2 சொற்களுக்குள் தடுமாறினால் அளவு 2. பத்துக்குள் என்றால் 10. ஏஐ பெரும்பாலும் எதிர்பார்த்த சொல்லையே போடுவதால் அளவு தாழ்கிறது.

திகைப்பு வாக்கியத்துக்கு வாக்கியம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே பர்ஸ்டினெஸ். வாக்கிய நீளத்தையும் இதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். நான்கு வாக்கியங்களில் 17, 18, 16, 17 சொற்கள். இன்னொரு பத்தியில் 5, 31, 22, 10. இரண்டிலும் சராசரி 17தான். ஆனால் முதல் பத்தியில்தான் சந்தேகம் விழும். காரணம் விளக்கும்போது மனிதர்கள் நீட்டுவார்கள், முடிவைச் சொல்லும்போது வெட்டுவார்கள் என்பது கணக்கு.

டியூஷனில் இங்கிலீஷ் கற்ற பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு தோற்கிறது. தப்பு வரக்கூடாதென்று தெரிந்த சொற்களையே, பழகிய ஒரே அச்சில் எழுதுவார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல், இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதோர் எழுதிய 91 டோஃபல் இங்கிலீஷ் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதியவற்றில் சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ என்றன கருவிகள். அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் கண்டறியும் கருவியையே, துல்லியம் போதவில்லை என்று மூடிவிட்டது. இருந்தும் நம் காலேஜ்களில் அந்த எண்ணே தீர்ப்பு. ரிப்போர்ட்டைப் படிக்க யாருக்கு நேரம்?

கடைக்காரர் செய்வது இதுதான்: இன்னொரு சாஃப்ட்வேரில் போட்டு, ‘கேஷ் ஃப்ளோ’வை ‘மணி ஸ்ட்ரீம்’ என்று மாற்றி, வாக்கியங்களை உடைப்பார். எண் இறங்கலாம். ஆனால் வைவாவில் அந்தச் சொல் என்னவென்று கேட்டால் உங்கள் மகள் விழிப்பாள். மாற்றி எழுதியதையே தனியாகக் குறிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அப்போது இல்லாத குற்றம் உண்மையாகிவிடும். கூடவே, அவள் சேகரித்த விவரமெல்லாம் அவர் பென்டிரைவில் தங்கும். அடுத்த வருடம் யாருக்கு விற்பார் என்று கேட்கமுடியாது.

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைக் காட்டச் சொல்லுங்கள்; எந்த நாளில் எந்தப் பத்தி வளர்ந்தது என்று தெரியும். வேர்டு என்றால் பழைய டிராஃப்ட்கள், கடைகளில் நிரப்பிய கேள்வித்தாள்கள், கையால் எழுதிய குறிப்புகள். இவற்றோடு கைடுக்கு எழுத்தில் மனு கொடுத்து, கருவி குறித்த வாக்கியங்களைக் காட்டும்படியும் நேரில் கேள்வி கேட்கும்படியும் கோரட்டும். மனுவின் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.